24,000 வந்துச்சு... ஆனா நீங்க ஜெயிச்சீங்களா?



போன வாரம் ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தார். இப்ப எம்.காம். படிக்கிறார். கையில அட்டை கிழிஞ்ச ஒரு லாங் சைஸ் நோட்டு. ஒரு பக்கத்தைப் பிரிச்சு என் முன்னாடி வெச்சுட்டு, 'அண்ணே, நான் எழுதினது அப்படியே நடந்துச்சு. ஆனா எனக்குக் காசு போச்சு. இது எந்த ஊர் நியாயம்?'னு கேட்டார்.

நோட்டுல இருந்தது இவ்வளவுதான்: '03.06.2024. நிஃப்டி வாங்கலாம். டார்கெட் 24,000.' 24,000-க்குக் கீழே சிவப்பு மையில ரெண்டு கோடு வேற!

தம்பி சொல்றது பொய் இல்லை. 2024 ஜூன் 27-ம் தேதி நிஃப்டி முதல்முறையா 24,000-க்கு மேல முடிஞ்சது. எழுதி இருபத்துநாலே நாள்ல டார்கெட் வந்துடுச்சு. ஆனா, டியூஷன் எடுத்துச் சேர்த்த 20,000 ரூபாயை நிஃப்டி இ.டி.எஃப்-ல போட்டவர், மறுநாளே பயந்துபோய் வித்துட்டார். சுமார் 1,600 ரூபாய் அவுட். அதுக்கப்புறம் மார்க்கெட் ஏற ஏற, இவர் நோட்டைப் பார்த்துப் பார்த்து வயிறெரிஞ்சிருக்கார்.

'நான் தப்பா? ரைட்டா?' - இதுதான் அவர் கேள்வி. அந்த ஒத்தை வரியை வெச்சுக்கிட்டு அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்ல முடியாது பாஸ். அது ஏன்னு பார்ப்போம். அதே ஐடியாவை, அதே ஜூன் 3 சாயங்காலம், முழுசா எழுதியிருந்தா எப்படி இருந்திருக்கும்? ரெண்டு பேரும் டீ சொல்லிட்டு உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம்.

முதல்ல கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். (நிஃப்டின்னா தேசியப் பங்குச் சந்தையோட 50 பெரிய கம்பெனிகளைச் சேர்த்துப் போடற குறியீடு. அதை அப்படியே பின்தொடர்ற ஃபண்டை ஒரு ஷேர் மாதிரி வாங்கலாம், அதான் இ.டி.எஃப்.) 2024 மே 31 வெள்ளிக்கிழமை நிஃப்டி 22,530-ல முடிஞ்சது. அடுத்த நாள் சனிக்கிழமை, லோக்சபா தேர்தலோட கடைசிக் கட்ட ஓட்டுப்பதிவு. அன்னிக்குச் சாயங்காலம் எக்ஸிட் போல் வந்தது. ஆளும் கூட்டணிக்கு 350-க்கும் மேலன்னு நிறைய பேர் சொன்னாங்க. திங்கட்கிழமை மார்க்கெட் துள்ளிக் குதிச்சு 23,263-ல முடிஞ்சது. ஒரே நாள்ல 3.25 சதவிகிதம்! செவ்வாய்க்கிழமை ஓட்டு எண்ணிக்கை. நம்ம தம்பி திங்கட்கிழமை மூணு மணிக்கு மேல, கிளாஸ்மேட்டுங்க எல்லாரும் வாங்கறாங்களேன்னு அவசரமா வாங்கினார்.

சரி, நோட்டுக்கு வருவோம்.

டார்கெட்டை எழுதறதுக்கு முன்னாடி எழுத வேண்டியது காரணம். 'ஏன் ஏறும்?' தம்பிகிட்ட கேட்டேன். கொஞ்சம் யோசிச்சு, 'ஆளும் கட்சி தனி மெஜாரிட்டியோட வரும், பாலிசி மாறாது, அதனால வெளியே காத்துக்கிட்டிருக்கிற பணம் உள்ளே வரும்'னார். ஆஹா, நல்ல வரி! தப்போ ரைட்டோ, இதைச் சோதிச்சுப் பார்க்க முடியும். ஏன்னா இதுக்குள்ள ஒரு நம்பர் ஒளிஞ்சிருக்கு. 543 சீட்டுல 272. இந்த ஒரு வரியை அன்னிக்கே எழுதியிருந்தா மத்த கட்டங்கள் பாதி தானாவே நிரம்பியிருக்கும்.

அடுத்து, ஐடியா செத்துப்போற லெவல். நம்மாளுங்க பல பேர் இங்கதான் சொதப்புவாங்க. 'எனக்கு 500 ரூபாய்க்கு மேல நஷ்டம் தாங்காது, அதனால ஸ்டாப் லாஸ் இங்கே'ன்னு போடுவாங்க. உங்க பர்ஸோட கனம் மார்க்கெட்டுக்குத் தெரியுமா என்ன? கேட்க வேண்டிய கேள்வி வேற. 'விலை எங்கே போனா நான் நினைச்சது தப்புன்னு அர்த்தம்?' இந்தக் கதையில அதுக்குப் பதில் ரொம்ப சுலபம். எக்ஸிட் போல் நம்பிக்கையிலதான் 22,530-ல இருந்து ஏத்தம் வந்தது. அந்த ஏத்தம் மொத்தமும் அழிஞ்சு, விலை மறுபடி அதுக்கும் கீழே போயிட்டா, மார்க்கெட் அந்த நம்பிக்கையைத் தூக்கிக் குப்பையில போட்டுடுச்சுன்னு அர்த்தம். அதனால லெவல் 22,500.

பர்ஸுக்கு வேலை அதுக்கு அப்புறம்தான். லெவலை நகர்த்தக் கூடாது, வாங்கற அளவைத்தான் நகர்த்தணும். உதாரணமா 23,100-ல வாங்கறோம்னு வெச்சுக்குவோம். 22,500 வரைக்கும் 600 புள்ளி தூரம். அதாவது 2.6 சதவிகிதம். 500 ரூபாய் வரைக்கும் போனாப் போகட்டும்னா, சுமார் 19,000 ரூபாய்க்கு வாங்கலாம். 250 ரூபாய்தான் தாங்கும்னா 9,500-க்கு. அவ்வளவுதான் கணக்கு. தம்பி கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துட்டு, 'பி.காம்-ல மூணு வருஷம் இதைவிடப் பெரிய கணக்கெல்லாம் போட்டேனே அண்ணே'ன்னு சிரிச்சார். சிரிப்புல கொஞ்சம் எரிச்சலும் இருந்துச்சு.

இப்ப டார்கெட். 24,000-ன்னு ஏன் எழுதினீங்கன்னு கேட்டா, 'ரவுண்டா இருந்துச்சு'ங்கறார். நேர்மையான பதில்! முழு நம்பர்கிட்ட விக்கறவங்க நிறைய பேர் காத்திருப்பாங்கங்கிறதால இது அவ்வளவு மோசமான காரணமும் இல்லை. இருந்துட்டுப் போகட்டும். ஆனா டார்கெட்டுக்குப் பக்கத்துல ஒரு தேதி வேணும். அவர் காரணம் தேர்தல் ரிசல்ட். அது வந்து மூணு நாளைக்குள்ள பணம் உள்ளே வரலைன்னா, அப்புறம் எதுக்குக் காத்திருக்கறது? அதனால, 'ஜூன் 7-க்குள்ள வேகமா நகரலைன்னா ஐடியா காலாவதி'ன்னு எழுதினோம். பால் பாக்கெட்டுக்குத் தேதி போடறோம், ஐடியாவுக்குப் போட வேண்டாமா?

அடுத்தது என்ட்ரி ஸோன். 'எங்கே வாங்கணும்?'ங்கறது ஏதோ சின்ன விஷயம் மாதிரி தோணும். இல்லை. அதே ஐடியா, அதே டார்கெட், அதே லெவல். வாங்கற இடத்தை மட்டும் மாத்திப் பாருங்க.

தம்பி வாங்கினது சுமார் 23,264. அங்கேயிருந்து 24,000-க்கு 736 புள்ளி. 22,500-க்கு 764 புள்ளி. வர்றதைவிடப் போறது அதிகம்! இந்த மாதிரி நூறு தடவை செஞ்சா, 51 தடவை ஜெயிச்சாத்தான் அசலாவது தேறும். அதே 23,100-ல வாங்கியிருந்தா? மேலே 900, கீழே 600. நூத்துக்கு நாற்பது தடவை ஜெயிச்சாலே அசல் தேறிடும். வெறும் 164 புள்ளி வித்தியாசத்துல ஒரு சுமாரான ஐடியா, நல்ல ஐடியாவா மாறிடுது. (தரகு, வரியெல்லாம் தனி.)

அப்ப 23,100 மட்டும் ஏன்? அதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. மே 27-ம் தேதி நிஃப்டி 23,110 வரைக்கும் ஏறி, அங்கே நிக்க முடியாம இறங்குச்சு. அதுதான் அதுவரைக்கும் சரித்திர உச்சம். ஜூன் 3-ல அதைத் தாண்டியாச்சு. தாண்டின உச்சத்துக்கு விலை திரும்ப இறங்கி வந்து, அங்கே கால் ஊன்றி நின்னா, பழைய கூரை இப்ப தரை ஆயிடுச்சுன்னு சொல்வாங்க. அதனால ஸோன் 23,060-லேருந்து 23,150 வரைக்கும். ஒரே நம்பரா எழுதாம பட்டையா எழுதறது, விலை பத்து புள்ளி முன்னப்பின்ன திரும்பும்ங்கிறதுக்காக. ஆனா பட்டையோட மேல் விளிம்பைத் தாண்டிட்டா வாங்கறது இல்லை. 'விட்டுப்போச்சே'ன்னு பஸ் பின்னாடி ஓடறதும் இல்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கு. கவனிங்க. ஜூன் 4 காலையில நிஃப்டி 23,180 பக்கத்துல திறந்து கீழே போக ஆரம்பிச்சது. நம்ம ஸோன் வழியாத்தான் போச்சு! 'ஸோன் வந்தா வாங்கு'ன்னு மட்டும் எழுதியிருந்தா, ஆர்டர் பக்காவா நிறைவேறியிருக்கும். உடனே பள்ளம். படிக்கட்டுல இறங்கறவரும் மாடியிலேருந்து விழறவரும் முதல் மாடியைத் தாண்டித்தான் போறாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா? அதனால ஸோனுக்குப் பக்கத்துல ஒரு நிபந்தனை வேணும். நாங்க எழுதினது: 'பத்தரை மணிக்கு முன்னாடி வாங்கக் கூடாது. ஸோனுக்குள்ள வந்த பிறகு ஒரு மணி நேரம் அதுக்குக் கீழே முடியாம நிக்கணும்.' இந்த வரி இருந்திருந்தா ஜூன் 4-ல தம்பி எதையுமே வாங்கியிருக்க மாட்டார். நஷ்டம் பூஜ்யம்.

ஏன் பத்தரை? ஓட்டு எண்ணிக்கை எட்டு மணிக்குத் தபால் ஓட்டோட ஆரம்பிக்கும். மார்க்கெட் திறக்கறது ஒன்பதே கால். முதல் ஒரு மணி நேர முன்னிலை நிலவரமெல்லாம் ஊஞ்சல் மாதிரி ஆடும். அதை நம்பி வாங்கறதும் தப்பு, விக்கறதும் தப்பு. கொஞ்சம் எண்ணி முடிக்கட்டும்.

இப்ப வர்றோம் கடைசிக் கட்டத்துக்கு. 'எது தெரிஞ்சா என் கருத்தை மாத்திக்குவேன்?' நான் பார்த்த நோட்டுகள்ல பெரும்பாலும் காலியா இருக்கிற கட்டம் இது. அப்படியே நிரப்பினாலும் 'நிலைமை மோசமானா'ன்னு எழுதியிருப்பாங்க. மோசம்னா எவ்வளவு மோசம்? யார் சொல்லணும்? எப்ப? காசு உள்ளே மாட்டிக்கிட்டா, எந்த நிலைமையும் நமக்கு 'அவ்வளவு மோசமில்லை'ன்னுதான் தெரியும். அதனாலதான் முன்னாடியே, மனசு தெளிவா இருக்கும்போதே, நம்பரோட எழுதணும்ங்கறது. தம்பி கேஸ்ல அந்த வரி இது: 'தேர்தல் கமிஷன் இணையதளத்துல, காலை பத்தரை மணிக்கு மேல, ஆளும் கட்சி தனியா 272-க்குக் கீழே முன்னிலையில இருந்தா, என் காரணம் போச்சு. விலை 22,500-க்கு வராட்டியும் வெளியே வந்துடுவேன்.'

'அதான் 22,500 இருக்கே, இது எதுக்குத் தனியா?'ன்னு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. தேர்தல் நாள்ல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் வரும். ஏன்னா மார்க்கெட்டும் அதே டி.வி-யைத்தான் பார்த்துக்கிட்டிருக்கு. ஆனா எல்லா ஐடியாவும் அப்படி இல்லை. ஒரு கம்பெனி கடனை அடைச்சுக்கிட்டே வருது, அதனால ஷேர் ஏறும்னு வாங்கறீங்கன்னு வைங்க. அடுத்த ரிசல்ட்ல கடன் கூடியிருக்கு. ஆனா மார்க்கெட்டே ஜாலி மூடுல இருக்கிறதால ஷேர் அன்னிக்கு ரெண்டு சதவிகிதம் ஏறுது. விலை லெவலுக்குப் பக்கத்துலகூட வரலை. ஆனா நீங்க எதுக்காக வாங்கினீங்களோ அந்தக் காரணம் காலி. அந்த நாள்ல உங்களைக் காப்பாத்தறது இந்தக் கட்டம் மட்டும்தான். லாபத்துலகூட வெளியே வரலாம்!

சரி, ஜூன் 4-ல என்ன ஆச்சு? பா.ஜ.க. 240 சீட்டுல நின்னது. கூட்டணியாச் சேர்ந்து 293. ஆட்சி அமைக்கலாம், ஆனா தனி மெஜாரிட்டி இல்லை. நிஃப்டி இடையில 21,281 வரைக்கும் விழுந்து, 21,884-ல முடிஞ்சது. ஒரே நாள்ல 5.93 சதவிகிதம் சரிவு. தம்பி கிட்டத்தட்ட 21,400-ல கண்ணை மூடிக்கிட்டு வித்திருக்கார். 22,500-ல வெளியே வந்திருந்தா, 20,000 ரூபாய்க்குச் சுமார் 660 ரூபாய் நஷ்டம். லெவலே எழுதாததால 1,600. (ஒரு எச்சரிக்கை: ஸ்டாப் லாஸ் ஆர்டர் போட்டா சரியா அந்த விலைக்கே விக்கும்னு கியாரண்டி கிடையாது. ராத்திரியில செய்தி வந்து, மறுநாள் விலை அதைத் தாண்டிக் கீழேயே திறந்தா, கிடைச்ச விலைதான்.)

அடுத்த மூணு நாள்தான் தம்பிக்கு இன்னும் வலி. ஜூன் 5-ல 22,620. ஜூன் 7-ல 23,290. அதாவது எக்ஸிட் போல் உச்சமே திரும்ப வந்துடுச்சு! 'பார்த்தீங்களா அண்ணே... விக்காம இருந்திருந்தா? என்னை மாதிரி ஆளுங்களைப் பயமுறுத்தி விக்க வெச்சுட்டு ஏத்தறாங்க'ன்னார். இந்த டயலாக்கை நீங்களும் கேன்டீன்ல கேட்டிருப்பீங்க.

இல்லை தம்பி. ஜூன் 7-ல ஏறினது உங்க ஐடியா இல்லை. உங்க ஐடியா தனி மெஜாரிட்டி. அது ஜூன் 4 அன்னிக்கே செத்துடுச்சு. ஜூன் 5-ம் தேதி கூட்டணிக் கட்சிகள் கூடி ஆதரவை உறுதி செஞ்சாங்க. 'கூட்டணி நிக்கும், அரசு அமையும்'ங்கறது வேற காரணம், வேற ஐடியா. அதுக்கு நோட்டுல வேற பக்கம் வேணும். அன்னிக்குக் காலையில 22,100 சுமாருக்குத் திறந்தப்ப, 'செத்துப்போற லெவல்: ஜூன் 4-ம் தேதி அடிமட்டத்துக்குக் கீழே, 21,250. டார்கெட்: 23,250. மாத்திக்க வைக்கிற தகவல்: பெரிய கூட்டணிக் கட்சி ஏதாவது ஆதரவு தர மறுத்தா'ன்னு எழுதியிருக்கலாம். 850 புள்ளி ரிஸ்க்குக்கு 1,150 புள்ளி. ஓகே ரகம். இப்ப ரிசல்ட் தெரிஞ்சுட்டு எழுதறது சுலபம்கிறதையும் ஒத்துக்கறேன். அன்னிக்குக் காலையில எனக்கே கை நடுங்கியிருக்கும்.

ஆனா, பழைய பக்கத்துலயே உட்கார்ந்துக்கிட்டு 'எப்படியும் திரும்ப வரும்'னு காத்திருந்தவங்களும் ஜூன் 7-ல காசு பார்த்தாங்க, வாஸ்தவம். அவங்ககிட்ட அடுத்த தடவை ஒரு ஐடியா செத்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டுப் பாருங்க. 'போன தடவை வந்துச்சே'ம்பாங்க. இ.டி.எஃப்-ல இருந்தவங்களுக்கு அந்தச் சொகுசு உண்டு. ஃப்யூச்சர்ஸ்ல இருந்தவங்களுக்கு அன்னிக்கு மதியமே தரகர்கிட்டேருந்து 'இன்னும் பணம் கட்டு'ன்னு போன் வந்திருக்கும். கட்ட முடியாதவங்களுக்கு ஜூன் 7 வந்தா என்ன, வராட்டி என்ன?

கிளம்பறதுக்கு முன்னாடி இன்னொரு சமாச்சாரம். இந்த நோட்டு உங்களுக்கு. இதையே அழகா டைப் பண்ணி, காசு வாங்கிக்கிட்டு ஹாஸ்டல் முழுக்க டிப்ஸா விக்கணும்னா செபியில பதிவு பண்ணியிருக்கணும். அந்த ஐடியா யாருக்காவது இருந்தா அதையும் அடிச்சுடுங்க!

தம்பி என்ன பண்ணினார் தெரியுமா? அந்த ஜூன் 3 பக்கத்துக்குக் கீழே பேனாவை எடுத்து ரிசல்ட் எழுத ஆரம்பிச்சார். முதல்ல 'டார்கெட் வந்தது'ன்னு எழுதினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார். அப்புறம் அதுக்குப் பக்கத்துல சேர்த்தார்: 'காரணம் தப்பு. வாங்கின இடம் தப்பு. லெவல் எழுதலை.' பக்கத்தைத் திருப்பி, புதுப் பக்கத்துல அஞ்சு கட்டம் போட்டார். 'இப்ப எதை எழுதப் போறீங்க?'ன்னு எட்டிப் பார்த்தேன்.

'இன்னும் ஒண்ணும் இல்லைண்ணே. காரணம் கிடைக்கட்டும்'னு நோட்டை மூடிட்டார்.